முன்னாய்வு இயலும் பத்து சதவீதக் கணக்கும்: முனைவர் பட்ட ஆய்வேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வேட்டை ஒப்படைக்கும் நேரம் நெருங்கும்போது மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: பிற மூலங்களோடு ஒப்புமை எத்தனை சதவீதம் வரை இருக்கலாம்? இந்தியப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை இதற்கு எழுதப்பட்ட விடை இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் அறிவித்த ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால், ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைக்கூட ஒப்படைக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

இந்த எண்களைப் பார்த்த மாணவர்கள் பலர் "பத்துக்குள் வந்தால் போதும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. பத்து சதவீதம் என்பது நூலகத்தில் ஒப்புமைச் சோதனைச் சான்றிதழ் வாங்குவதற்கான வரம்பு. ஆய்வேடு அதன் பிறகுதான் புறத்தேர்வாளர் கைக்குப் போகிறது. அவர் சதவீதத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஒப்புமை எந்த இயலில் இருக்கிறது, எத்தனை மூலங்களில் பரவியிருக்கிறது, ஒரே மூலத்திலிருந்து எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆய்வேடு மொத்தம் 60,000 சொற்கள். அதில் முன்னாய்வு இயல், அதாவது லிட்ரேச்சர் ரிவ்யூ, 15,000 சொற்கள். அந்த இயலில் 4,200 சொற்கள் வேறு மூலங்களோடு ஒத்துப்போகின்றன. மற்ற இயல்களில் எல்லாம் சேர்த்து 1,200 சொற்கள். மொத்தம் 5,400, அதாவது 9 சதவீதம். சான்றிதழ் கிடைத்துவிடும். ஆனால் முன்னாய்வு இயலை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒப்புமை 28 சதவீதம். அந்த 4,200 சொற்களில் 1,800 சொற்கள் ஒரே மீள்பார்வைக் கட்டுரையிலிருந்து வந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை மென்பொருள் தரும் அறிக்கையில் அது "3%" என்று ஒரு வரியாகத்தான் தெரியும். பக்கத்துக்கு 300 சொற்கள் என்றால் ஆறு பக்கம்! அந்த ஆறு பக்கத்தையும் தேர்வாளர் மூலக் கட்டுரையோடு பக்கத்தில் வைத்துப் படித்தால், 9 என்ற எண் மாணவரைக் காப்பாற்றாது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நூற்றுக்கணக்கான மூலங்களோடு ஏழெட்டுச் சொற்கள் வீதம் ஒத்துப்போய், மொத்தம் 13 சதவீதம் காட்டும் ஆய்வேடுகள் உண்டு. அமைப்புகளின் நீண்ட பெயர்கள், கருவிகளின் பெயர்கள், துறையில் எல்லோரும் எழுதும் வரையறைத் தொடர்கள்தான் பெரும்பாலும் காரணம். படித்துப் பார்க்கும் தேர்வாளருக்கு இதில் குறையேதும் தெரியாது. ஆனாலும் விதிப்படி அது பத்தைத் தாண்டியதுதான். அதனால்தான் விலக்க வேண்டியவற்றை முறையாக விலக்கிய பிறகே அறிக்கை எடுக்க வேண்டும். மேற்கோள் குறிக்குள் மூலம் காட்டித் தந்த பகுதிகள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள் ஆகியவற்றை ஒப்புமைக் கணக்கிலிருந்து விலக்கலாம் என்று ஒழுங்குமுறையே சொல்கிறது.

எந்த எண் நியாயமானது என்று என்னைக் கேட்டால், மொத்த எண்ணைவிட இரண்டு சிறிய எண்களைத்தான் நான் பார்ப்பேன். முன்னாய்வு இயலைத் தனியாகச் சோதித்தால் 15 சதவீதத்துக்குள், அதுவும் சிதறிக் கிடக்கும் துண்டுகளாக இருக்க வேண்டும். எந்த ஒரு மூலமும் முழு ஆய்வேட்டில் 1 சதவீதத்தை எட்டக் கூடாது. 60,000 சொற்களில் ஒரு சதவீதம் என்றாலே இரண்டு பக்கம். இவை விதியில் இல்லாதவை, என் அளவுகோல்கள். ஆனால் இந்த அளவுக்குள் இருக்கும் இயலைக் குறித்து வாய்மொழித் தேர்வில் கடுமையான கேள்வி வருவது அரிது.

இரண்டாவது தவறு "பதினான்கு சொல்" விதியைத் தவறாகப் புரிந்துகொள்வது. பொது அறிவாகவோ தற்செயலாகவோ அமையும் சொற்றொடர், தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை இருந்தால் விலக்கலாம் என்று ஒழுங்குமுறை சொல்கிறது. இதைப் பதினான்கு சொற்கள் வரை நகலெடுக்கலாம் என்ற அனுமதியாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். சோதனை மென்பொருளில் 14 சொற்களுக்குக் குறைந்த பொருத்தங்களைக் காட்டாதே என்று அமைத்துவிட்டால், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒன்றிரண்டு சொற்களை மாற்றிய பத்திகள் முழுதாக மறைந்துபோகும். அறிக்கையில் மறைந்தாலும் படிப்பவர் கண்ணுக்கு அவை மறையாது. அதனால் வரைவு நிலையில் அந்த வடிகட்டியைப் போடாமல் ஒருமுறை பாருங்கள். ஒரு பத்தி முழுக்க சிறு சிறு வண்ணத் துண்டுகள் தொடர்ந்து ஒரே மூலத்தைக் காட்டினால், அந்தப் பத்தி உங்களுடையதாக இன்னும் ஆகவில்லை என்று பொருள்.

முன்னாய்வு இயலில் அதிக ஒப்புமை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் கட்டுரைச் சுருக்கங்களிலிருந்துதான். ஒவ்வொரு கட்டுரையின் சுருக்கத்தையும் எடுத்து, முன்னால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்த்து, ஒரு பத்தி. அடுத்த கட்டுரைக்கு அடுத்த பத்தி. இப்படி நாற்பது ஐம்பது பத்திகள் அடுக்கினால் இயல் முடிந்துவிடும். சதவீதம் ஏறியதும் இணைச்சொல் தேடும் வேலை தொடங்கும். எடுத்துக்காட்டுக்காக, நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றிய ஒரு கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம்: "மழைக்காலத்துக்குப் பின் எடுத்த கிணற்று நீர் மாதிரிகளில் ஃபுளோரைடின் அளவு குறைந்திருந்தது, மழைநீர் கலந்து நீர்த்துப்போனது காரணமாக இருக்கலாம்." மாணவர் இதை "பருவமழைக்குப் பிறகு சேகரித்த கிணற்று நீர் மாதிரிகளில் ஃபுளோரைடு செறிவு குறைந்து காணப்பட்டது, மழைநீர் சேர்ந்து நீர்த்தது காரணமாகலாம்" என்று மாற்றுகிறார். மென்பொருள் ஒருவேளை விட்டுவிடும். ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. அடைப்புக்குள் ஆசிரியர் பெயரைப் போட்டாலும், எழுத்து அவருடையது என்பதை அது மறைத்துவிடாது.

இதைச் சரிசெய்ய, மூலத்தை மூடி வைத்துவிட்டு எழுத வேண்டும். அதுவும் ஒரு கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு எழுதாமல், மூன்று நான்கு கட்டுரைகளைச் சேர்த்து எழுத வேண்டும். மேலே சொன்ன செய்தியே அப்போது இப்படி வரும்: "மழைக்குப் பின் ஃபுளோரைடு குறைகிறது என்ற முடிவு ஆழமில்லாத திறந்த கிணறுகளின் மாதிரிகளிலிருந்து வந்தது. ஆழ்துளைக் கிணறுகளை எடுத்துக்கொண்ட ஆய்வில் பருவ வேறுபாடு தெரியவில்லை. இரண்டு வகைக் கிணறுகளையும் ஒரே ஊரில், ஒரே பருவத்தில் வைத்து ஒப்பிடுவது இந்த ஆய்வின் நோக்கம்." இந்த மூன்று வரிகளும் எந்த மூலத்தோடும் ஒத்துப்போக வழியில்லை, ஏனென்றால் இந்த ஒப்பீட்டைச் செய்தவர் மாணவர்தான். கூடவே ஆய்வின் இடைவெளியும் வெளிப்பட்டுவிடுகிறது. தேர்வாளர் இந்த இயலில் தேடுவதே அதைத்தான்.

அடுத்தது, சதவீதத்தில் அவ்வளவாகத் தெரியாத, ஆனால் தேர்வாளர் எளிதில் கண்டுபிடித்துவிடும் தவறு: இன்னொருவரின் முன்னாய்வுப் பத்தியை அதிலுள்ள மேற்கோள்களோடு சேர்த்து எடுப்பது. இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் கிடைக்கும் பழைய ஆய்வேடுகளும் மீள்பார்வைக் கட்டுரைகளும் இதற்கு வசதியாக இருக்கின்றன. மூலக் கட்டுரைகளை மாணவர் திறந்தே பார்த்திருக்க மாட்டார். இதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் பல. மேற்கோள்கள் அதே வரிசையில் வரும். முந்தையவர் ஆண்டையோ பெயரின் எழுத்தையோ தவறாகப் போட்டிருந்தால் அதே பிழை இங்கேயும் இருக்கும். 2024இல் ஒப்படைத்த ஆய்வேட்டில் ஒரு தலைப்பு தொடர்பான ஆய்வுகள் எல்லாம் 2014ஓடு நின்றுவிடும், ஏனென்றால் எடுத்தாளப்பட்ட ஆய்வேடு அந்த ஆண்டில் முடிந்தது. "நமது முடிவுகள்", "இந்தக் கட்டுரையில்" போன்ற சொற்கள் தவறி ஒட்டிக்கொண்டிருக்கும். வாய்மொழித் தேர்வில் "இந்தக் கட்டுரையில் மாதிரிகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?" என்று ஒரு கேள்வி போதும். மூலம் கிடைக்காமல் வேறொருவர் வழியாகத்தான் அறிந்தீர்கள் என்றால், இன்னார் எடுத்துக்காட்டியபடி என்று வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள். அதை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள்.

சொந்த எழுத்தும் சிக்கலாகும். முன்னாய்வு இயலை மீள்பார்வைக் கட்டுரையாக முன்பே வெளியிட்டிருந்தால், அறிக்கையில் அதுவே மிகப் பெரிய மூலமாக மேலே நிற்கும். வெளியிட்டது தவறில்லை. இயலின் தொடக்கத்திலேயே இன்ன கட்டுரையாக வெளிவந்தது என்று குறிப்பிட்டு, அந்த ஒப்புமை மாணவரின் சொந்த வெளியீட்டிலிருந்து வந்தது என்ற நெறியாளரின் கடிதத்தையும் இணைத்து, அந்த மூலத்தை விலக்கியும் விலக்காமலும் இரண்டு அறிக்கைகள் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இதற்கான படிவம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், நூலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கூட்டாக எழுதிய கட்டுரை என்றால் எந்தப் பகுதி உங்களுடையது என்பதையும் சொல்ல வேண்டும்.

மென்பொருள் அமைப்பில் நேரும் இரண்டு சிறு பிழைகள் தேவையில்லாத பதற்றத்தைத் தரும். டர்னிட்டின் என்ற சோதனை மென்பொருளில் வரைவை அதன் சேமிப்பகத்தில் சேரும்படி ஏற்றிவிட்டால், அடுத்த முறை திருத்திய படியை ஏற்றும்போது அது உங்கள் பழைய வரைவோடே ஒத்துப்போய் எண் தொண்ணூறைத் தாண்டிவிடலாம். வரைவுகளைச் சேமிப்பகத்தில் சேர்க்காத அமைப்பில்தான் சோதிக்க வேண்டும். அதேபோல மேற்கோள்களை விலக்கச் சொன்னாலும் ஒற்றை மேற்கோள் குறிக்குள் இருப்பவற்றை அது மேற்கோளாகக் கொள்ளாது. இரட்டைக் குறி வேண்டும்.

தமிழில் எழுதும் ஆய்வேடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, மென்பொருளுக்கு ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். எதோடும் ஒத்துப்போகாது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் எண் வரும். யூனிகோடிலேயே இருந்தாலும், அச்சில் மட்டும் இருக்கும் தமிழ் நூல்களையும் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த பத்திகளையும் அது கண்டுபிடிக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே தமிழ் ஆய்வேட்டுக்கு 2 சதவீதம் வந்தது என்பது எதையும் உறுதிசெய்வதில்லை. அந்தத் துறையில் முப்பது ஆண்டுகள் படித்த தேர்வாளர் ஒருவருக்கு, எந்த நூலின் எந்தப் பத்தி என்பது எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

பட்டம் கிடைத்த பிறகும் இது முடிந்துவிடுவதில்லை. அதே ஒழுங்குமுறையின்படி ஆய்வேட்டின் மின்படி, பட்டம் வழங்கிய ஒரு மாதத்துக்குள் சோத்கங்காவுக்குப் போக வேண்டும். அங்கே யாரும் படிக்கலாம், உங்கள் பத்தி யாருடையதோ அவரும் படிக்கலாம். பின்னாளில் திருட்டு உறுதியானால் வழங்கிய பட்டத்தையே நிறுத்திவைக்க விதியில் இடமிருக்கிறது. மென்பொருள்களும் தரவுத்தளங்களும் ஆண்டுக்கு ஆண்டு பெருகுவதால், இன்று 9 காட்டிய அதே கோப்பு ஐந்தாண்டு கழித்துச் சோதித்தால் 9 என்றே காட்டும் என்று சொல்ல முடியாது.