வீடியோ கோலில் வெள்ளைச் சேர்ட் முகத்தைக் கறுப்பாக்குவது ஏன்?

இன்டர்வியூ என்றால் வெள்ளைச் சேர்ட் என்பது மட்டக்களப்புப் பக்கத்தில் எழுதாத சட்டம். நேரில் போவதற்கு அது சரி. லப்டொப்புக்கு முன்னால் இருந்து பேசுவதற்கு அதுதான் முதல் தவறு.

கமராவுக்கு எது முகம், எது துணி என்ற கவலை பெரிதாக இல்லை. மலிவான வெப்கமராக்கள் பெரும்பாலும் படத்தில் விழும் மொத்த வெளிச்சத்தையும் பார்த்து, அது நடுத்தரமாக வரும்படி தாமாகவே கூட்டிக் குறைக்கும். இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும்போது திரையில் பெரிய இடத்தைப் பிடிப்பது சேர்ட். அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் கமரா முழுப் படத்தையும் மங்கலாக்கிவிடும். நமது மாநிறமும் கறுப்பும் அதில் இன்னும் இருண்டு போகும், கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். முழுக் கறுப்பு போட்டால் நேர் எதிர்: நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிவதுபோல் மினுங்கும்.

கல்லடியில் என் மருமகன் கொழும்புக் கம்பனி ஒன்றின் இன்டர்வியூவுக்கு முதல்நாள் காலையில் ஒத்திகை பார்த்தான். புது வெள்ளைச் சேர்ட், முதுகுக்குப் பின்னால் கடல் பக்க யன்னல். கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணி வெயில் எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. திரையில் ஒரு நிழல்தான் பேசியது. இளநீலச் சேர்ட்டுக்கு மாற்றினோம், பாதிதான் சரியானது. கதிரையைத் திருப்பி யன்னலைப் பார்க்க இருந்ததும் முகம் தெளிந்தது. வெயில் நேரே கண்ணில் குத்தாமல் மெல்லிய திரைச்சீலையை இழுத்துவிட்டோம். ஆக, சேர்ட்டை மட்டும் மாற்றினால் போதாது, யன்னலையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது பொடிக் கட்டமும் நெருக்கமான கோடும். மருதமுனைக் கைத்தறியில் அவை அழகுதான், ஆனால் கமராவின் புள்ளிகளுக்கு அந்த நெருக்கம் பிடிபடாது. நீங்கள் அசையும்போதெல்லாம் துணியில் அலை ஓடுவதுபோல் தெரியும். சிக்னல் குறைந்தால் கட்டங்கள் கரைந்து அழுக்குப்போலவும் ஆகும். அதே கைத்தறியில் ஒரே நிறத் துணி எடுத்தால் பிரச்சினை இல்லை. கடும் சிவப்புச் சேலையில் வேறு தொல்லை: கமரா நிறத்தைச் சமன்செய்யப் போய் முகத்தின் நிறத்தையும் சேர்த்து மாற்றிவிடும். இளநீலம், கடல் பச்சை, அடங்கிய மெரூன் போன்றவை பெரும்பாலும் சொன்னபடி கேட்கும்.

பின்னால் உள்ள சுவரை மறைக்கப் பின்புறப் படம் போடுகிறவர்கள் அந்தச் சுவரின் நிறத்திலேயே சட்டை போட வேண்டாம். சட்டை எது, சுவர் எது என்று பிரிக்கத் தெரியாமல் அந்தப் படம் தோளையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கீழே சாரத்தோடு இருப்பவர்களுக்கு ஒரு சொல். "சேர்ட்டிபிகேட்டைக் காட்டுங்கள்" என்று கேட்டால் எழும்பித்தான் ஆக வேண்டும். ஒன்றில் காற்சட்டை போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாக் கடதாசியையும் கையெட்டும் தூரத்தில் வையுங்கள்.

எதைப் போடுவதானாலும் Zoom-இல் Settings போய் Video-வைத் திறந்து, கோல் வரப்போகும் அதே நேரத்தில், அதே கதிரையில் இருந்து பாருங்கள். இரவு டியூப் லைற்றில் பார்த்த நிறம் காலையில் அப்படியே வராது.