பானர்மேன் கடிதத்தில் நான் விட்ட மதிப்பெண்

பாளையங்கோட்டையில் படித்தபோது, கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது பற்றி மேஜர் பானர்மேன் சென்னை அரசுக்கு எழுதிய கடிதம் தேர்வில் சான்றாக வந்தது; அதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் கேள்வி. "எழுதியவர் ஆங்கிலேயர், அதனால் நம்ப முடியாது" என்று முடித்துவிட்டேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை.

"எந்த விஷயத்துக்கு நம்ப முடியாதுன்னு எழுதலியேடே?" என்றார் எங்கள் சார். அதை வைத்துத் திரும்ப எழுதினேன்.

கயத்தாற்றில் தூக்கு நடந்தது 1799 அக்டோபர் 16. கடிதம் மறுநாளே எழுதப்பட்டது, அதுவும் தண்டனையை நிறைவேற்றியவர் கையால். அதனால் நாள், இடம், யார் இருந்தார்கள் என்பதற்கு வலுவான சான்று. ஆனால் நோக்கம், தண்டனை சரிதான் என்று மேலிடத்துக்குக் காட்டுவது. ஆகவே குற்றம், விசாரணை பற்றி அவர் சொல்வதை வேறு சான்றோடு ஒப்பிடாமல் ஏற்க முடியாது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றார், எட்டயபுரம் பாளையக்காரரை ஏளனமாகப் பார்த்தார், உறுதியோடு நடந்து போனார் என்றும் அதே கடிதம் சொல்கிறது. எதிரியின் துணிவை ஒப்புக்கொள்வது எழுதியவரின் நோக்கத்துக்கு உதவாது. அதனால் அந்தப் பகுதிக்கு நம்பகம் கூடுதல். எதிரியைப் பெரிதாகக் காட்டித் தன் வெற்றியை உயர்த்தியிருக்கலாம் என்பதையும் ஒரு வரி சேர்த்தேன். சார் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டுத் தந்தார்.