தோழியைப் பற்றிக் கேள்விப்பட்டதை அவளிடமே கேட்பது எப்படி?

செந்தூலில் நாங்கள் முன்பு குடியிருந்த அடுக்குமாடியில் இன்னும் வசிக்கும் ஓர் அக்கா ஒரு மாலை என்னை அழைத்தார். என் பள்ளித் தோழி, உரிமமில்லாமல் வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஆலோங்கிடம் முப்பதாயிரம் ரிங்கிட் கடன் வாங்கிவிட்டுக் கட்ட முடியாமல் திண்டாடுகிறாள் என்றும், அவள் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றும் சொன்னார். பதறிப்போன நான் அன்றிரவே தோழியிடம் கேட்டேன். கேட்ட விதம் தவறாகிவிட்டதால் மூன்று வாரங்கள் அவள் என்னுடன் பேசவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டு, யோசித்து, இரண்டாம் முறை கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த இரண்டாம் முறையை நான் எப்படிச் செய்தேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். பணம், குடும்பம், உடல்நலம் போன்ற, தோழியின் சொந்த வாழ்க்கையைப் பற்றிய பேச்சுகளுக்கு இது பொருந்தும். அவள் உங்களுக்கே தீங்கு செய்ததாகக் கேள்விப்பட்டிருந்தால் நடைமுறை வேறு.

முதல் படி: கண்டதையும் சேர்த்ததையும் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். யாரோ ஒருவர் கண்ணால் கண்டவற்றை இடப்பக்கத்திலும், மற்றவற்றை வலப்பக்கத்திலும் எழுதுங்கள். இதற்காக அக்காவை மறுபடி அழைத்து, "அக்கா, நீங்களே பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டேன். மின்தூக்கிக்குப் போகும் வழியில் கதவுக் கிரில்லில் சாயம் வழிந்திருந்ததைத் தாமே பார்த்ததாகச் சொன்னார். முப்பதாயிரம் என்ற தொகையைக் கீழ்வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அவருக்கு அதைச் சொன்னது யார் என்று தெரியவில்லை. என் தோழிதான் கடன் வாங்கினாள் என்பதை யாருமே பார்க்கவில்லை. ஆக, இடப்பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது: குறிப்பிட்ட எண்ணுள்ள வீட்டின் கிரில்லில் சிவப்புச் சாயம்.

அந்த ஒரு வரியும் கடனாளி யார் என்பதைச் சொல்லாது. உரிமமில்லாமல் கடன் கொடுப்பவர்கள் அடையாள அட்டையின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, அதிலுள்ள முகவரிக்கு ஆளை அனுப்புகிறார்கள். கடன் வாங்கியவர் வீடு மாறியிருக்கலாம், அல்லது உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கலாம். எப்படியிருந்தாலும் இப்போது அங்கே குடியிருப்பவரின் கதவில்தான் சாயம் விழும். வதந்தி கைமாறும்போது விவரங்கள் உதிர்ந்து, எஞ்சிய ஒன்றிரண்டு மட்டும் கூர்மையாகும் என்று ஆல்போர்ட், போஸ்ட்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1947-இல் எழுதினார்கள். இங்கே "அந்த வீட்டில் சாயம்" என்பது உதிர்ந்து, "அவள் கடன்காரி" என்பது கூர்மையாகிவிட்டிருந்தது.

இரண்டாம் படி: பதில் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?

"ஆம்" என்றால் என்ன செய்வீர்கள், "இல்லை" என்றால் என்ன செய்வீர்கள் என்று தாளின் அடியில் எழுதுங்கள். இரண்டுக்கும் எழுத ஒன்றுமில்லையென்றால் நீங்கள் ஆவலால் கேட்கிறீர்கள், அப்போது கேட்காதீர்கள்.

மூன்றாம் படி: இடமும் கருவியும்

வாட்ஸ்அப்பில் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எழுத்தில் குரல் இல்லை. உங்கள் கேள்வியைப் படம்பிடித்து வேறொருவருக்கு அனுப்பிவிட முடியும். நீல நிறக் குறி விழுந்தபின் பதில் வராத ஒவ்வொரு நிமிடமும் இருவரையும் வதைக்கும். குரல் பதிவு அதைவிட மோசம், ஏனெனில் அதை அவள் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது திறந்துவிடலாம். வாட்ஸ்அப் நேரம் குறிப்பதற்கு மட்டும் போதும்.

மாமாக் கடையும் வேண்டாம். பக்கத்து மேசையில் தெரிந்தவர் ஒருவர் இருந்தே தீருவார். காரில் கேட்பதைப் பலர் விரும்புகிறார்கள், முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால். ஆனால் ஓடும் காரிலிருந்து அவளால் எழுந்து போக முடியாது. நான் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் காலை நடையைத் தேர்ந்தெடுத்தேன். பக்கத்துப் பக்கத்தில் நடக்கும்போது முகத்தை மறைத்துக்கொள்ள அவளுக்கு வாய்ப்பு இருக்கும். பிடிக்கவில்லையென்றால் வீட்டுக்குப் போகிறேன் என்று திரும்பவும் முடியும்.

நான்காம் படி: கேள்வியின் வாக்கியம்

நான் இடறியது இங்கேதான். முதல் முறை நான் கேட்ட வாக்கியம் இது: "நீ ஆலோங்கிட்ட கடன் வாங்கியிருக்கியாமே? ஏன் என்கிட்ட சொல்லல?"

இதில் இரண்டு கோளாறுகள் உள்ளன. "வாங்கியிருக்கியாம்" என்று நிறுத்தியிருந்தால் பிறர் சொன்னதைச் சொல்வதாக மட்டும் இருந்திருக்கும். அதனுடன் ஏகாரம் சேர்ந்து "ஆமே" ஆனவுடன், எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நீ ஒப்புக்கொள் என்ற தொனி வந்துவிடுகிறது. அடுத்து வந்த "ஏன்" இன்னும் கெடுதல் செய்தது. அவள் கடன் வாங்கினாள் என்பதை முடிவு செய்துகொண்டுதானே அந்தக் கேள்வியைக் கேட்க முடியும்?

பள்ளியில் படித்த நன்னூல் எனக்கு இங்கே உதவியது. அது வினாவை ஆறாகப் பிரிக்கிறது. விடை தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா, தெரியாமல் கேட்பது அறியாவினா, இதுவா அதுவா என்று ஐயப்பட்டுக் கேட்பது ஐயவினா. மற்ற மூன்றும் நமக்கு இங்கே வேண்டாம். ஆசிரியர் மாணவனிடம் கேட்பதுபோல நான் அறிவினாவைக் கேட்டிருக்கிறேன். "வாங்கினாயா, இல்லையா?" என்ற ஐயவினாவும் இங்கே உதவாது, ஏனெனில் உண்மை அந்த இரண்டுக்கும் வெளியே இருக்கலாம், "இல்லை" என்று நேர்மையாகவே பதில் சொல்லிவிட்டு அவள் பேச்சை முடித்துக்கொள்ள நேரும். அறியாவினாவாகக் கேட்க வேண்டுமென்றால், நமக்குத் தெரியாது என்பதை வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் முறை நான் சொன்னது இது:

"உன் வீட்டு கிரில்லுல சிவப்புச் சாயம் ஊத்தியிருந்ததை ஒருத்தர் பாத்திருக்காங்க. அதை வச்சு நீ ஆலோங்கிட்ட கடன் வாங்கினதா பேச்சு இருக்கு. எது உண்மைன்னு எனக்குத் தெரியாது. உன்கிட்ட கேக்காம நம்பவும் கூடாது, உனக்குத் தெரியாம விடவும் கூடாதுன்னு தோணுச்சு. சொல்லணும்னா சொல்லு. வேணாம்னா இத்தோட விட்டுடலாம், வேற யார்கிட்டயும் நான் கேக்க மாட்டேன்."

முதலில் கண்டது, பிறகு பேச்சு, பிறகு என் அறியாமை, கடைசியில் அவளுக்கான வழி என்ற வரிசையைக் கவனியுங்கள். பேச்சின் உள்ளடக்கத்தை முழுமையாகச் சொல்லிவிட்டேன். "உன்னைப் பத்தி ஏதோ பேசுறாங்க" என்று மழுப்பினால், அவள் அதைவிடக் கொடிய பத்து விஷயங்களைக் கற்பனை செய்துகொள்வாள். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு பாலத்தைக் கடக்கும் வரை அவள் பேசவில்லை. அந்த நேரத்தில் "நான் தப்பா நெனைக்கல" என்று சொல்லத் துடித்தேன், சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தப்பாக நினைக்க ஏதோ இருக்கிறது என்றாகியிருக்கும்.

ஐந்தாம் படி: "யார் சொன்னது?"

பெரும்பாலும் முதலில் வரும் பதில் இதுதான். வினாவுக்கு எதிர்வினாவே விடையாக வருவதையும் நன்னூல் விடைவகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது, ஆகவே இதை மழுப்பல் என்று எண்ணாதீர்கள். இதற்கு ஆயத்தமில்லாமல் போனால் எந்த வாக்கியமும் உதவாது. முதல் முறை நான் தடுமாறி "எல்லாரும்தான் பேசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டேன். அது பொய், சொன்னவர் ஒருவர், அவருக்குச் சொன்னவர் இன்னொருவர். அதைக் கேட்ட அவளோ, குடியிருப்பு முழுவதும் தன் கதவைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு, மூன்று நாட்கள் கடைக்குக்கூட இறங்கிப் போகவில்லை என்று பின்னால் சொன்னாள்.

ஆகவே கேட்கப் போவதற்கு முன்பே, செய்தி சொன்னவரிடம் அனுமதி கேளுங்கள். அக்கா தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். அதனால் இரண்டாம் முறை இப்படிச் சொன்னேன்: "பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். எனக்குச் சொன்னது ஒரே ஒருத்தர். உன்மேல அக்கறை உள்ளவங்க." எண்ணிக்கையைச் சரியாகச் சொல்வது பெயரைச் சொல்வதைவிட முக்கியம் என்பது என் அனுபவம். அவள் இருமுறை வற்புறுத்தினாள். இருமுறையும் அதே வாக்கியத்தைச் சொன்னேன்.

ஆறாம் படி: வந்த பதிலோடு நிற்பது

"அது என் கடன் இல்ல" என்றாள். "அப்போ யாருடையது?" என்று கேட்க நாக்கு நுனிவரை வந்ததை அடக்கிக்கொண்டு, "சரிடி" என்றேன். ஏரியைப் பாதி சுற்றியபின் அவளாகவே சொன்னாள். அவள் தம்பி கடன் வாங்கியபோது, பழைய அடையாள அட்டை நகலிலிருந்த அவள் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறான், தொகை ஐயாயிரம். அவள் ஏற்கெனவே காவல் நிலையத்தில் புகார் செய்திருந்தாள். உரிமமின்றிக் கடன் கொடுப்பது 1951-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி குற்றம் என்பதும், மிரட்டல் வந்தால் கடனாளியல்லாத வீட்டாரும் புகார் செய்யலாம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தம்பியின் பெயர் வெளியே வரக்கூடாது என்பதற்காகவே வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். என் முதல் கேள்விக்கு அவள் பதில் சொல்வதென்றால் தம்பியைக் காட்டிக்கொடுத்துத்தான் சொல்லியிருக்க முடியும்.

பின்னர் சேர்த்தது

வயதில் மூத்த தோழியிடம் எப்படிக் கேட்பது என்று ஒருவர் எழுதியிருந்தார். வரிசையை மாற்ற வேண்டியதில்லை, ஆனால் "உங்களிடம் ஒன்று சொல்லலாமா அக்கா?" என்று முதலில் அனுமதி கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் அதையே பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொருவர், தோழி "இல்லை" என்று சொன்னதை நம்ப முடியவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். இரண்டாவது முறை கேட்காதீர்கள். "எப்போ வேணும்னாலும் கூப்பிடு" என்று ஒரு முறை மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். கதவில் மறுபடி சாயம் விழுந்தாலோ, யாரேனும் வந்து மிரட்டினாலோ அது புதிய நிகழ்வு. அப்போது அதைப் பற்றி மட்டும் பேசலாம்.

செய்தி சொன்னவர் திரும்பக் கேட்டால் என்ன சொல்வது என்பதை நான் முதலில் எழுத மறந்துவிட்டேன், அதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். என்ன சொல்லலாம் என்பதைப் பூங்காவிலிருந்து கிளம்புவதற்கு முன் தோழியிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வரி கொடுத்தாள். மறுநாள் அக்கா அழைத்தபோது அதில் ஒரு சொல்லையும் கூட்டாமல் சொன்னேன்: "அது அவ கடன் இல்ல அக்கா, போலீஸ்ல புகார் கொடுத்தாச்சு, கீழ்வீட்டுக்காரர்கிட்டயும் இதை மட்டும் சொல்லிடுங்க."