மார்ஜின் கடன்: வட்டி சத்தமில்லாமல் செய்யும் வேலை

உவர்மலையில் இருக்கும் என் மச்சான் கையில் 10 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் இருந்தன. அவற்றை மார்ஜினுக்கு அடகு வைத்து 8 லட்சம் கடன் எடுத்து, மேலும் பங்குகள் வாங்கினார். மொத்தம் 18 லட்சம். கடன், பங்குகளின் மதிப்பில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது ஒப்பந்தம். "இன்னும் 2 லட்சம் எடுக்கலாம், நான்தான் எடுக்கேல்லை" என்று பெருமையாகச் சொன்னார். முதல் தவறு அந்தக் கணக்கில்தான். எவ்வளவு எடுக்கலாம் என்று பார்த்தாரே தவிர, எவ்வளவு விழுந்தால் மாட்டுவோம் என்று பார்க்கவில்லை.

8 லட்சம் பாதியாக இருக்க, பங்குகள் 16 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. அதாவது 11 சதவீத இறக்கத்தை மட்டும்தான் தாங்கும். சரி, 11 சதவீதமாவது இருக்கிறதே என்றால், அதுவும் நிற்காது. 15 சதவீத வட்டியில் மாதம் 10,000 ரூபாய். அவர் அதைக் கையால் கட்டவில்லை, கடனோடு ஏறட்டும் என்று விட்டுவிட்டார். ஆறு மாதத்தில் கடன் 8 லட்சத்து 60 ஆயிரம் (வட்டிக்கு வட்டியை விட்டுவிடுவோம்). இப்போது எல்லை 17 லட்சத்து 20 ஆயிரம். பங்கு விலை அசையவே இல்லை, ஆனால் நாலரை சதவீதம் இறங்கினாலே "பணம் போடுங்கள், இல்லையென்றால் பங்கை விற்போம்" என்று புரோக்கரிடமிருந்து போன் வரும்.

பிறகு சந்தை 20 சதவீதம் விழுந்தது. 18 லட்சம் 14 லட்சத்து 40 ஆயிரமானது. அதில் பாதி 7 லட்சத்து 20 ஆயிரம், கடனோ 8 லட்சத்து 60 ஆயிரம். 1 லட்சத்து 40 ஆயிரத்தைப் பணமாகப் போட்டால் சரியாகிவிடும். பணம் இல்லையென்றால் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்குப் பங்கு விற்க வேண்டும், ஏனென்றால் விற்கும்போது கடனோடு சேர்ந்து அடகில் இருக்கும் மதிப்பும் குறைகிறது. மச்சானுக்குப் புரியாத இடம் இதுதான். "குறை ஒண்டரை லட்சம்கூட இல்லை, ஏன் இவ்வளவு வித்தவங்கள்?" என்று தேநீர்க் கடையில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இன்னொன்று, இந்த வட்டி பெரும்பாலும் நிலையான வட்டி இல்லை. 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. 8 லட்சத்துக்கு அதே அளவு ஏறினால் வருடம் 56,000 ரூபாய் கூடுதல். ஏப்ரல் 18 முதல் 22 வரை கொழும்புப் பங்குச் சந்தை மூடிக் கிடந்தது. 25ஆம் திகதி திறந்ததும் விலைகள் விழுந்து வியாபாரம் நிறுத்தப்பட்டது. விற்க வழியில்லாத நாளிலும் வட்டி ஓடும்.

இதே 10 லட்சத்துக்கு 3 லட்சம் மட்டும் கடன் எடுத்து, வட்டியைச் சம்பளத்தில் மாதம் 3,750 ரூபாயாகக் கட்டியிருந்தால், 13 லட்சம் 6 லட்சமாகும் வரை, அதாவது 54 சதவீதம் விழும்வரை, அந்த போன் வந்திருக்காது. மச்சான் இப்போது கடனை அந்த அளவுக்கு இறக்கிக்கொண்டிருக்கிறார், மிஞ்சிய பங்குகளை வைத்து.