விசாரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? அனலிட்டிக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தமடையில் கோரைப் பாய் விற்கும் ஒரு கடைக்கு இணையதளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் முகப்பு, மணமக்கள் பெயர் போட்டு நெய்யும் கல்யாணப் பாய்க்கான பக்கம், பாயில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது பற்றிய கட்டுரை, தொடர்புப் பக்கம் என நான்கு பக்கங்கள். தளத்தில் பணம் கட்டும் வசதி கிடையாது. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பிலும் போனிலும்தான். அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு விற்பவருக்கும் குற்றாலத்தில் அறை வாடகைக்கு விடுபவருக்கும் இதே நிலைதான்.

இப்படிப்பட்ட தளத்தில் கூகுள் அனலிட்டிக்ஸைப் போட்டுவிட்டு, அதிகம் பேர் பார்த்த பக்கமே நல்ல பக்கம் என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. வாங்குபவரின் எந்தச் செயல் நமக்கு முக்கியம் என்று நாம் சொல்லாதவரை, யார் விசாரித்தார்கள் என்பது அனலிட்டிக்ஸுக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்குப் பழைய பதிப்பில் `Goals` என்று இருந்தது. 2023 ஜூலையில் அந்தப் பதிப்பு நின்றுபோனது. இப்போதைய பதிப்பில் ஒவ்வொரு செயலும் ஒரு `event`. அவற்றில் முக்கியமானதை நாம் `key event` என்று குறிக்க வேண்டும். குறித்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடும், முந்தைய நாட்களுக்குப் பின்னோக்கிப் போகாது. ஆகவே முகூர்த்த மாதம் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

அவசரத்தில் பலரும் பட்டியலில் தானாகவே வந்து நிற்கும் `click`, `form_submit` ஆகியவற்றையே முக்கியமானவை என்று குறித்துவிடுகிறார்கள். `click` என்பது தளத்திலிருந்து வெளியே போகும் எந்த இணைப்பைத் தட்டினாலும் பதிவாகும். கூகுள் மேப்பில் கடைக்கு வழி பார்த்தவரும் பேஸ்புக் பக்கத்துக்குப் போனவரும் விசாரித்தவர் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். `form_submit` என்பதும் அப்படித்தான், தளத்தில் உள்ள வேறு படிவங்களை நிரப்பினாலும் ஏறிவிடும்.

சரியான வழி ஒன்றும் கடினமில்லை. `Admin` பகுதியில் `Events` போய், `Create event` மூலம் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். பெயர் `whatsapp_click`. இரண்டு நிபந்தனைகள் போதும்:

```
event_name  equals  click
link_domain equals  wa.me
```

பிறகு இந்த ஒன்றை மட்டும் `key event` ஆக்குங்கள். உங்கள் பட்டன் `api.whatsapp.com` என்ற முகவரிக்குப் போகிறதென்றால் இரண்டாவது வரியில் அதைப் போட வேண்டும். சில வாட்ஸ்அப் பிளகின்கள் சாதாரண இணைப்பாக இல்லாமல் ஸ்கிரிப்ட் வழியாகத் திறக்கும். அப்போது `click` பதிவாகாது, கணக்கு எப்போதும் பூஜ்யமாகவே நிற்கும். உருவாக்கிச் சிறிது நேரம் கழித்துப் போனில் ஒருமுறை பட்டனைத் தட்டி, `Realtime` அறிக்கையில் பெயர் வருகிறதா என்று பாருங்கள். போன் எண்ணைத் தட்டுவது இந்தத் தானியங்கிப் பட்டியலில் வராது. அதற்குக் கூகுள் டேக் மேனேஜர் என்ற தனிக் கருவியில், `tel:` என்று தொடங்கும் இணைப்பைத் தட்டுவதைக் கவனிக்கும் ஒரு டிரிகரும், அதை அனலிட்டிக்ஸுக்கு அனுப்பும் ஒரு டேக்கும் வைக்க வேண்டும். எண்ணைப் பார்த்துக் கையால் அழைப்பவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்களும் வழுக்கி விழும் இடம் அடுத்தது. ஆவணி மாதக் கணக்கை ஒரு உதாரணமாகப் பார்ப்போம். மொத்தம் 22 முறை வாட்ஸ்அப் பட்டன் தட்டப்பட்டிருக்கிறது. `Pages and screens` அறிக்கையைத் திறந்தால் தொடர்புப் பக்கத்துக்கு 15, கல்யாணப் பாய்க்கு 5, முகப்புக்கு 2, கட்டுரைக்கு ஒன்றுமில்லை. இதைப் பார்ப்பவர், தொடர்புப் பக்கம்தான் வியாபாரம் கொண்டுவருகிறது என்று நினைப்பார். ஆனால் அந்த அறிக்கை சொல்வது, பட்டன் எந்தப் பக்கத்தில் தட்டப்பட்டது என்பதை மட்டுமே. பட்டன் தொடர்புப் பக்கத்தில் பெரிதாக இருப்பதால் அங்கே தட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

வாங்க வந்தவர் எந்தப் பக்கம் வழியாக உள்ளே நுழைந்தார் என்பதை `Landing page` அறிக்கைதான் காட்டும். அதில் `Key events` நிரலின் தலைப்பில் `whatsapp_click` என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதே 22 வேறு மாதிரிப் பிரியும். கல்யாணப் பாய் வழியே 130 வருகைகள், 11 தட்டல்கள். முகப்பு வழியே 280 வருகைகள், 6 தட்டல்கள். கட்டுரை வழியே 1,150 வருகைகள், 4 தட்டல்கள். தொடர்புப் பக்கம் வழியே நேராக வந்தவர்கள் 20 பேர், 1 தட்டல். கூட்டம் கட்டுரையில் இருக்கிறது, வியாபாரம் கல்யாணப் பாய்ப் பக்கத்தில் இருக்கிறது. இதைப் பார்த்தபின் அந்தப் பக்கத்தில் நல்ல படங்கள், அளவு, எத்தனை நாளில் நெய்து கிடைக்கும் என்ற விவரம் எல்லாவற்றையும் சேர்க்கத் துணிவு வரும். ஆனால் 6-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். இவ்வளவு சிறிய எண்கள் அடுத்த மாதமே இடம் மாறிவிடும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சும்மா தட்டிப் பார்த்ததே அதில் இரண்டாக இருக்கலாம். மொபைல் டேட்டாவில் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருப்பதால், ஐபியை வைத்து நம் ஆட்களை வடிகட்டுவதும் சரியாக வராது. சோதனைக்கு எப்போது தட்டினோம் என்று குறித்துவைத்துக் கழிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பட்டனைத் தட்டிய எல்லோரும் செய்தி அனுப்புவதில்லை. 22 தட்டலில் வாட்ஸ்அப்பில் வந்தது 13 செய்திதான் என்றால், மீதி 9 தட்டல்கள் ஆப் திறந்ததோடு நின்றுவிட்டன. அனலிட்டிக்ஸ் இதை ஒருபோதும் சொல்லாது. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் பட்டனிலும் தனித்தனிக் குறி வையுங்கள்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=KP-01
```

KP-01 என்பது கல்யாணப் பாய்ப் பக்கம். எண்ணில் 91 வேண்டும், `+` குறியும் இடைவெளியும் கூடாது. வாடிக்கையாளர் அதைத் தொடர்ந்தே "அண்ணாச்சி, பேரு போட்டு என்ன விலை?" என்று எழுதுவார், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது செய்தியிலேயே இருக்கும். இந்தப் பட்டனைப் பாய்ப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் தொடர்புப் பக்கத்துக்குப் போகிற சுற்றும் மிச்சம்.

கல்யாணப் பாயை யாரும் பார்த்த அன்றே வாங்குவதில்லை. இன்று கட்டுரை படிப்பார், வீட்டில் பேசுவார், நான்கு நாள் கழித்துக் கடைப் பெயரைத் தேடி முகப்பு வழியே வந்து விசாரிப்பார். `Landing page` அறிக்கை ஒவ்வொரு வருகையையும் தனியாகவே பார்ப்பதால், அந்த விசாரிப்பு முகப்பின் கணக்குக்குப் போய்விடும், கட்டுரைக்கு ஒன்றும் சேராது. அதனால் 4 தட்டல்தானே என்று கட்டுரையைத் தூக்கிவிடாதீர்கள். ஆர்டர் உறுதியாகும்போது "முதல்ல எங்க பாத்தீங்க?" என்று கேட்டு நோட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். இந்த இடைவெளியை நிரப்ப வேறு சுலபமான வழி கிடையாது.

ஒப்பிடும்போதும் ஆவணியை ஆடியோடு வைத்துப் பார்க்க வேண்டாம். ஆடியில் கல்யாணம் இல்லாததால், பக்கத்தில் எதையுமே மாற்றாவிட்டாலும் ஆவணியில் எண் கூடும். போன ஆவணியோடு ஒப்பிட வேண்டும். `Landing page` போன்ற வழக்கமான அறிக்கைகளிலேயே அதைப் பார்க்கலாம். நாமே அறிக்கை அமைத்துக்கொள்ளும் `Explore` பகுதியில் பார்க்க வேண்டுமென்றால், அங்கே பழைய விவரம் இருக்க வேண்டும். அங்கே வழக்கமாக 2 மாத விவரம்தான் சேமிக்கப்படும். `Data retention` அமைப்பில் அதை 14 மாதமாக இன்றே மாற்றிவிடுங்கள். அழிந்துபோன விவரம் பிறகு மாற்றினாலும் திரும்பி வராது.