எட்டு மில்லி கம்பிக்கு உங்கள் யு.டி.எம். காட்டும் விசை சரிதானா? சரிபார்க்கும் முறை

டெல்டாவில் கட்டடக் கம்பியைச் சோதிக்கும் ஆய்வகங்களில் பெரும்பாலும் 600 கிலோநியூட்டன் ஹைட்ராலிக் யு.டி.எம்., அதாவது கம்பியை இழுத்து வலிமை பார்க்கும் சோதனை இயந்திரம்தான் இருக்கும்; ஆனால் அங்கே சோதனைக்கு வருபவற்றில் 8 மில்லி, 10 மில்லி டி.எம்.டி. கம்பிகளும் நிறைய உண்டு. குறைந்தது 500 மெகாபாஸ்கல்வரை நெகிழாமல் தாங்க வேண்டிய எஃப்இ 500டி ரக 8 மில்லி கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 50.3 சதுர மி.மீ. என்பதால், அது நெகிழத் தொடங்க வேண்டிய குறைந்தபட்ச விசை 25 கிலோநியூட்டன் அளவே, அதாவது இயந்திரத்தின் முழுத்திறனில் நான்கு விழுக்காட்டைச் சற்றே தாண்டும். வழக்கமான சரிபார்ப்போ முழு அளவில் 20 விழுக்காட்டில், அதாவது 120 கிலோநியூட்டனில்தான் தொடங்குகிறது. ஆகவே சான்றிதழைக் கையில் எடுத்ததும், மிகக் குறைந்த எந்த விசைவரை சரிபார்த்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

சரிபார்க்க, ஐ.எஸ்.ஓ. 376 முறைப்படி தரப்படுத்திய, விசையை அளக்கும் லோட் செல் வேண்டும். 600 கிலோநியூட்டன் செல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 25 கிலோநியூட்டனை அளக்க முயல வேண்டாம். அதன் சான்றிதழே அவ்வளவு கீழே செல்லாமல் இருக்கலாம். 50 அல்லது 100 கிலோநியூட்டன் செல் ஒன்றைத் தனியாக வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ நல்லது. விசைக்கு ஏற்ப வளைவதை டயலில் காட்டும் எஃகு வளையமான புரூவிங் ரிங்கும் பயன்படும். ஆனால் டயல் முள்ளைப் பார்த்துக்கொண்டே வால்வையும் திருகுவது ஒருவருக்குக் கடினம் என்பதால், டிஜிட்டல் இண்டிகேட்டர் உள்ள செல்லையே நான் விரும்புகிறேன்.

அறையின் வெப்பம் 10 முதல் 35 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். ஒரு தொடர் முடியும்வரை 2 பாகைக்கு மேல் மாறக் கூடாது. கத்திரி வெயில் காலத்தில் தஞ்சாவூர்த் தகரக் கொட்டகையில் இது விடியற்காலையில் மட்டுமே கைகூடும். லோட் செல்லை முந்தைய இரவே அறையில் வைத்துவிடுங்கள்.

இனி, பலரும் தவறவிடும் படி. எண்ணெய் அழுத்தத்தை அளந்து விசையைக் காட்டும் இயந்திரங்களில், எண்ணெய் தூக்கும் பிஸ்டனான ராம் அடியில் உட்கார்ந்திருக்கும்போது மேசை, தூண்கள், மேல் கிராஸ்ஹெட் ஆகியவற்றின் எடையை இயந்திரத்தின் அடிப்பகுதியே தாங்குகிறது. ராம் எழும்பியதும் அந்த எடை முழுவதும் எண்ணெயின் மேல் விழுகிறது. எனவே பம்பை ஓட்டி, ராமை ஓரிரு சென்டிமீட்டர் மிதக்க விட்டு, லோட் செல்லை மேல் தாடையில் மட்டும் தொங்கவிட்டு, கீழ்த் தாடை பிடிக்காத நிலையில்தான் சுழியம் அமைக்க வேண்டும்.

பிறகு செல்லை இழுவிசையில் மாட்டி, பயன்படுத்தப்போகும் உச்ச விசைவரை மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். அதன்பின் ஒவ்வொரு படியிலும் இயந்திரத்தின் திரை குறித்த எண்ணைக் காட்டும்போது செல்லின் அளவைக் குறியுங்கள். இவ்வாறு மூன்று தொடர்கள். இயலுமானால் ஒவ்வொரு தொடருக்கும் முன் செல்லை 120 பாகை திருப்புங்கள். விசை எப்போதும் மெல்ல ஏறியே இலக்கை அடைய வேண்டும். தாண்டிவிட்டால் இறக்கி வந்து படிக்காமல், அந்தத் தொடரை மீண்டும் தொடங்குங்கள்.

பிழையைக் கணக்கிடும் வாய்பாடு:

```
q = (Fi − F) / F × 100
```

Fi என்பது இயந்திரம் காட்டுவது, F என்பது செல் காட்டும் உண்மை விசையின் சராசரி. முதலாம் வகுப்பு இயந்திரத்தில் q ±1.0 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்; மூன்று தொடர்களின் பிழைகளுக்கு இடையே உள்ள வேறுபாடும் 1.0 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. திரை 30.0 காட்டும்போது செல் 29.42, 29.40, 29.45 என்று காட்டுகிறது. பிழை ஏறத்தாழ 2.0 விழுக்காடு, தொடர்களுக்கிடையே 0.2 விழுக்காடுகூட வேறுபாடு இல்லை. திரை 120 காட்டும்போது செல் 119.4, அதாவது பிழை 0.5 விழுக்காடு. 300க்கு 299.4, வெறும் 0.2. விழுக்காட்டைப் பார்த்தால் பிழை மேலே போகப் போகக் குறைவதாகத் தோன்றும். கிலோநியூட்டனில் பார்த்தால் எங்கும் அதே 0.6தான். அப்படியானால் குற்றம் சுழியத்தில் இருக்கிறது. விழுக்காடு எங்கும் ஒன்றாக இருந்திருந்தால், பெருக்கல் காரணியைத் திருத்த வேண்டியிருக்கும். இந்த 0.6 கிலோநியூட்டன், 490 மெகாபாஸ்கலில் நெகிழும் 8 மில்லி கம்பியை 502 என்று காட்டித் தேற வைத்துவிடும். 25 மில்லி கம்பியில் யார் கண்ணுக்கும் படாது.

எதைத் திருத்துவதற்கு முன்பும், கண்டபடியே உள்ள அளவுகளைத் தேதியுடன் எழுதி வையுங்கள். ஏற்கெனவே கொடுத்த சோதனை அறிக்கைகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

பிற்சேர்க்கை: மயிலாடுதுறையிலிருந்து ஒரு நண்பர், சுழியம் சரியாக இருந்தும் விசை இல்லாதபோது திரையின் எண்கள் நிற்காமல் ஆடுவதாக எழுதியிருந்தார். திரையின் ஒரு படி 0.1 கிலோநியூட்டனாக இருந்து, எண்கள் 0.3 அளவுக்கு ஆடினால், அந்த ஆட்டத்தில் பாதியையும் ஒரு படியையும் கூட்டி, திரை நம்பத்தக்கபடி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவான பகுதிறனை 0.25 கிலோநியூட்டன் என்று கொள்ள வேண்டும். முதலாம் வகுப்பின் கீழெல்லை அதைப்போல் 200 மடங்கு, அதாவது 50 கிலோநியூட்டன். அந்த ஆட்டம் அடங்கும்வரை அவர் 8 மில்லி கம்பியை அந்த இயந்திரத்தில் ஏற்றக் கூடாது. மோட்டாரை நிறுத்திய நிலையிலும் ஆடுகிறதா என்று பார்த்தால், எண்ணெய்த் துடிப்பா மின்னிரைச்சலா என்று பிரித்தறியத் தொடங்கலாம்.