மூன்று மாங்கூழ் ஆலைகள்: கூடி முடிவெடுத்தால் எவ்வளவு, தனித்தனியே முடிவெடுத்தால் எவ்வளவு?

கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் மாங்கூழ் ஆலைகள் இரவுபகலாக ஓடும். பருவம் சில வாரங்களே நீடிக்கும். அதற்குள் எவ்வளவு பழத்தைக் கூழாக்கி அடைத்து வைக்கிறார்களோ அதைத்தான் ஆண்டு முழுவதும் விற்க முடியும். அளவு முதலில் முடிவாகிறது. விலையோ, எல்லோரும் அடைத்து வைத்த மொத்தச் சரக்கைப் பொறுத்துப் பிறகுதான் அமைகிறது. நிறுவனங்கள் அளவைத் தேர்ந்தெடுத்துப் போட்டியிடும் இந்த அமைப்பை அந்துவான் கூர்னோ என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் 1838-இலேயே எழுதிவைத்தார். அவர் எடுத்துக்கொண்ட சரக்கு ஊற்றுநீர். நாம் மாங்கூழை எடுத்துக்கொள்வோம்.

மாவட்டத்தில் உண்மையில் பல ஆலைகள் உள்ளன. கணக்குக்காக, எல்லா வகையிலும் ஒரே மாதிரியான மூன்று ஆலைகள் மட்டுமே இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். கீழே வரும் எண்களும் கணக்கு எளிதாக வருவதற்காக நானே வைத்தவை. அவற்றைச் சந்தை நிலவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 1: எண்களை அமைத்தல்

நூறு டன் கூழை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆலைகளும் சேர்ந்து அடைக்கும் மொத்த அளவு Q அலகு என்றால், கிலோ விலை P ரூபாய் இவ்வாறு அமையும்:

```
P = 120 - Q
Q = q1 + q2 + q3
```

ஒரு கிலோ கூழ் தயாரிக்க எல்லா ஆலைக்கும் 48 ரூபாய் ஆகிறது. எவ்வளவு தயாரித்தாலும் அந்தச் செலவு மாறாது. அலகை நூறு டன்னாக வைத்ததில் ஒரு வசதி உண்டு. கிலோவுக்கு ஒரு ரூபாய் இலாபம் என்றால் ஓர் அலகுக்குச் சரியாக ஒரு இலட்சம் ரூபாய் வரும். ஆகவே இனி வரும் இலாபங்கள் எல்லாம் இலட்சத்தில் உள்ளன என்று படித்துக்கொள்ளலாம்.

விலையிலிருந்து செலவைக் கழித்தால் கிலோவுக்கு நிற்கும் மிச்சம் 72 - Q. இந்த 72 என்ற எண் கடைசிவரை நம்முடன் வரும்.

படி 2: மூவரும் ஒருவரைப் போல முடிவெடுத்தால்

மூன்று ஆலைகளுக்கும் ஒரே முதலாளி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மொத்த அளவு மட்டும்தான் முக்கியம்:

```
மொத்த இலாபம் = (72 - Q) × Q
```

வகைநுண்கணிதம் தெரிந்தவர்கள் வகையிட்டுச் சுழியத்துக்குச் சமப்படுத்தலாம். தெரியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இங்கே பெருக்கப்படும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 72. கூட்டுத்தொகை மாறாத இரண்டு எண்களின் பெருக்கற்பலன், அவை சமமாக இருக்கும்போதுதான் மிக அதிகம். ஆகவே Q = 36, விலை 84 ரூபாய், மொத்த இலாபம் 36 × 36 = 1296 இலட்சம். சமமாகப் பிரித்தால் ஆலைக்கு 12 அலகு, 432 இலட்சம். முற்றுரிமை நிறுவனம் ஒன்று தனியே இருந்திருந்தால் எதைச் செய்திருக்குமோ அதையே மூவரும் பங்கிட்டுச் செய்கிறார்கள்.

படி 3: தனித்தனியே முடிவெடுத்தால்

இப்போது முதல் ஆலையின் இடத்தில் நில்லுங்கள். மற்ற இருவரும் சேர்ந்து R அலகு அடைக்கிறார்கள். அது உங்கள் கையில் இல்லை. உங்கள் இலாபம் இதுதான்:

```
இலாபம் = (72 - R - q) × q
```

அதே வழி இங்கும் பொருந்தும். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 72 - R. ஆகவே அதில் பாதிதான் உங்களுக்குச் சிறந்த அளவு:

```
q = (72 - R) / 2
```

இதற்குச் சிறந்த எதிர்வினை என்று பெயர். மற்ற இரண்டு ஆலைகளுக்கும் இதே வாய்பாடுதான். மூவரும் ஒரே மாதிரியானவர்கள் என்பதால் சமநிலையில் மூவரின் அளவும் சமம் என்று இப்போது எழுதலாம்; அப்போது R = 2q ஆகும். 2q = 72 - 2q என்று வரும், எனவே q = 18. மொத்தம் 54 அலகு, விலை 66 ரூபாய், ஆலைக்கு இலாபம் 18 × 18 = 324 இலட்சம். மற்ற இருவரும் 18-இல் நிற்கும்வரை எவரும் தம் அளவை மட்டும் மாற்றி இதைவிட அதிகம் பெற முடியாது. இதுவே நாஷ் சமநிலை.

மாணவர்கள் வழுக்கும் இடம்

மேலே "இப்போது எழுதலாம்" என்றேனே, அந்த "இப்போது" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூவரும் ஒரே மாதிரி என்பதால் முதல் வரியிலேயே q1 = q2 = q3 = q என்று போட்டுவிட்டால் வேலை சுலபமாகுமே என்று பலருக்குத் தோன்றும். அப்படிப் போட்டால் ஓர் ஆலையின் இலாபம் (72 - 3q) × q ஆகிறது. அதை உச்சப்படுத்தினால் q = 12 என்று விடை வரும். கணக்கில் எங்கும் கூட்டல் கழித்தல் பிழை இருக்காது. ஆனாலும் கேட்டது போட்டிச் சமநிலை. கிடைத்ததோ கூட்டு இலாபத்தின் அளவு.

காரணம் இதுதான். 3q என்று எழுதிய அந்தக் கணமே, நான் ஓர் அலகு கூட்டினால் மற்ற இருவரும் கூடவே ஓர் அலகு கூட்டுவார்கள் என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது மூவரும் ஒரே கையால் இயங்கும் நிலை. போட்டியில் என் அளவை நான் மாற்றும்போது மற்றவர்களின் அளவு அசையாமல் நிற்க வேண்டும். ஆகவே முதலில் சிறந்த எதிர்வினையைக் கண்டுபிடித்து முடித்து, அதன் பிறகே சமம் என்று போட வேண்டும். விடைத்தாளில் இரண்டு கேள்விக்கும் ஒரே எண் வந்திருந்தால் நான் முதலில் தேடிப் பார்ப்பது இந்த வரியைத்தான்.

படி 4: 12 ஏன் நிலைக்காது?

மூவரும் தலா 12 அலகு என்று பேசி வைத்திருக்கிறார்கள். முதல் ஆலை இரகசியமாகக் கொஞ்சம் கூடுதலாக அடைப்பதை எண்ணிப் பார்க்கிறது. கூடுதல் கூழில் கிலோவுக்கு 84 - 48 = 36 ரூபாய் மிச்சம். ஆனால் ஒவ்வோர் அலகு கூட்டும்போதும் விலை ஒரு ரூபாய் இறங்குவதால், ஏற்கெனவே வைத்திருக்கும் 12 அலகின் மேல் 12 இலட்சம் இழப்பு. ஆக, அந்த விளிம்பில் அலகுக்கு 24 இலட்சம் என்ற வீதத்தில் இலாபம் கூடுகிறது. அதே ஒரு ரூபாய் விலைச் சரிவு மற்ற இருவருக்கும் தலா 12, மொத்தம் 24 இலட்சம் இழப்பைத் தருகிறது. வரவு 24, இழப்பு 24. மூவரையும் சேர்த்துப் பார்த்தால் சுழியம். கூட்டு இலாபம் உச்சத்தில் இருக்கிறது என்பதற்கு இதுவே சோதனை. தன் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு மற்றவர்களின் 24 கண்ணில் படுவதில்லை.

அவர் எதுவரை போவார்? மற்றவர்களின் R = 24 என்று போட்டால் சிறந்த எதிர்வினை (72 - 24) / 2 = 24 அலகு. மொத்தம் 48, விலை 72 ரூபாய். அவருக்கு 24 × 24 = 576 இலட்சம்; சொன்ன சொல்லைக் காத்த மற்ற இருவருக்கும் தலா 12 × 24 = 288 இலட்சம். பேச்சை மீறியவர் 432-இலிருந்து 576-க்கு ஏறுகிறார். காத்தவர் போட்டிச் சமநிலையில் கிடைத்திருக்கும் 324-ஐயும் இழக்கிறார். இந்த ஒப்பந்தத்தை எழுதி வைத்து நீதிமன்றத்துக்கும் போக முடியாது. உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் கூட்டு உடன்பாடுகளை 2002-ஆம் ஆண்டின் இந்தியப் போட்டிச் சட்டம் தன் 3-ஆம் பிரிவிலேயே தடுக்கிறது.

படி 5: எக்செல்லில் சரிபார்த்தல்

A2, B2, C2 மூன்றிலும் 12 என்று இட்டு, அடுத்த வரிசையில் ஒவ்வோர் ஆலைக்கும் சிறந்த எதிர்வினையை எழுதிக் கீழே இழுத்தால் 18 வந்துவிடும் என்று எதிர்பார்ப்போம்:

```
A3: =(72-B2-C2)/2
B3: =(72-A2-C2)/2
C3: =(72-A2-B2)/2
```

வராது. 12, 24, 12, 24 என்று முடிவில்லாமல் ஊசலாடும். வாய்பாட்டில் பிழை இல்லை. மூவரும் ஒரே நேரத்தில், போன முறை மற்றவர்கள் அடைத்த அளவைப் பார்த்து மாறுகிறார்கள். மொத்த அளவு 54-க்கு மேலே எவ்வளவு இருந்ததோ, அடுத்த முறை அதே அளவுக்குக் கீழே போய் நிற்கிறது. இருவர் மட்டும் இருந்தால் இந்த ஊசல் தேய்ந்து அடங்கும். நால்வரானால் பெருகிக்கொண்டே போகும். மூவர்தான் சரியாக எல்லைக்கோடு. 1960-இல் தியோகாரிஸ் என்பவர் இதைச் சுட்டிக்காட்டினார். ஒருவர் மாறியதைப் பார்த்து அடுத்தவர் மாறும்படி அமைத்தால் போதும்:

```
A3: =(72-B2-C2)/2
B3: =(72-A3-C2)/2
C3: =(72-A3-B3)/2
```

முதல் சுற்றில் 24, 18, 15. அடுத்த சுற்றில் 19.5, 18.75, 16.875, பிறகு மூன்றும் 18-ஐ நெருங்கும். சமநிலை எங்கே இருக்கிறது என்பதும், அங்கே எப்படிப் போய்ச் சேர்வது என்பதும் இரண்டு வேறு கேள்விகள் என்பதை நினைவில் வையுங்கள்.

எண்கள் மாறும் இடங்கள்

கிருஷ்ணகிரிக் கூழுக்குச் சித்தூர்க் கூழ் போட்டியாக இருக்கிறது. இங்கே அளவைக் குறைத்து விலையை ஏற்றினால் வாங்குபவர் ஆந்திரப் பக்கம் திரும்புவார். அப்போது இங்குள்ள மூவரின் அளவு விலையை அவ்வளவாக அசைக்காது; கூட்டாகக் குறைப்பதில் கிடைக்கும் ஆதாயமும் சுருங்கும்.

இன்னொன்று ஆலையின் கொள்ளளவு. பருவம் முழுதும் ஓட்டினாலும் ஓர் ஆலையால் 15 அலகுக்கு மேல் அடைக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். மற்ற இருவரும் 15 என்றால் R = 30; சிறந்த எதிர்வினை 21; ஆனால் இயந்திரம் 15-இல் நின்றுவிடும். ஆகவே மூவரும் 15 அடைப்பதே சமநிலை. மொத்தம் 45, விலை 75 ரூபாய், ஆலைக்கு 15 × 27 = 405 இலட்சம். 324-ஐவிட இது வெகுவாக அதிகம், 432-க்கும் பக்கத்தில் இருக்கிறது. இத்தனைக்கும் யாரும் யாருடனும் ஒரு வார்த்தை பேசவில்லை. விலை உயர்ந்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஆலைகள் கூடிப் பேசிவிட்டன என்று சொல்ல முடியாது. முதலில் ஆலைகள் முழுக் கொள்ளளவில் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். 15 அடைக்கக்கூடிய ஆலை 12-உடன் நிறுத்திக்கொண்டிருந்தால்தான் சந்தேகத்துக்கு இடமுண்டு.